பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர்: மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளில் பிணக்கு எழுவது ஏன்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களின் குழாய்களில் வரும் ஏரி நீரில் ஒரு பகுதி, கோடைக்காலங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையாகவும் இருக்கக்கூடும். மகாராஷ்டிரத்தில் பிறக்கும் கிருஷ்ணா ஆற்றின் நீர், ஆந்திரத்தின் ஸ்ரீசைலம் அணையிலிருந்து பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் கால்வாய் வழியே பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. அங்கிருந்து ஒரு கிளை புழல் ஏரிக்கும், மற்றொன்று பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரிக்கும் போகிறது. இந்த ஏற்பாட்டுக்குத் தெலுங்கு கங்கைத் திட்டம் என்று பெயர். ஓர் ஆற்றைப் பல மாநிலங்கள் பகிரும்போது பிணக்கு எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிய இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு சென்னையின் மேற்குப் புறநகருக்கு அருகில் இல்லை. பற்றாக்குறை மட்டுமே பிணக்குக்குக் காரணம் என்ற பொதுக் கருத்து முழுமையானதன்று. பற்றாக்குறை வரும் ஆண்டில் இழப்பை யார் ஏற்பது என்பதற்கு முன்கூட்டியே உறுதியான விதி இல்லாததே பிணக்கின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

உடன்படிக்கையும் அளவும்

1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்றும் தத்தம் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. நீரைச் சென்னையின் குடிநீருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தன. 1983 ஏப்ரலில் தமிழ்நாடும் ஆந்திரமும் திட்டத்தை நிறைவேற்ற உடன்படிக்கை செய்துகொண்டன. மொத்தம் 15 டி.எம்.சி.யில் வழியில் ஆவியாவதற்கும் கசிவதற்கும் 3 கழித்து, 12 டி.எம்.சி. எல்லையில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஊத்துக்கோட்டை அருகே கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தைப் பொறியாளர்களும் உள்ளூர் மக்களும் ‘ஜீரோ பாயிண்ட்’ என்கின்றனர். அளவு கணக்கிடப்படும் இடம் அதுதான். முதல் நீர் 1996-இல் வந்து சேர்ந்தது.

ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. லிட்டரில் சுமார் 2,830 கோடி. ஒரு நகரம் நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் செலவழிப்பதாகக் கொண்டால், ஒரு டி.எம்.சி. அதற்கு 28 நாள் வரும், 12 டி.எம்.சி. பதினொரு மாதத்துக்கு மேல் தாங்கும். இவ்வளவு நீரும் பிற மாநிலத்தின் மதகு ஒன்றைத் திறப்பதைப் பொறுத்திருக்கிறது.

கணக்குக்குப் பங்கு, மழைக்கு நீர்

கிருஷ்ணா நீரைப் பிரிக்க 1969-இல் அமைக்கப்பட்ட பச்சாவத் தீர்ப்பாயம், ‘75 விழுக்காடு நம்பகத்தன்மை’ என்ற அளவுகோலைக் கைக்கொண்டது. நூறு ஆண்டுகளில் எழுபத்தைந்து ஆண்டாவது எவ்வளவு நீர் ஓடுமோ அதுவே பங்கிடத்தக்க அளவு என்பது இதன் பொருள். அந்த அளவு 2,060 டி.எம்.சி. அதில் மகாராஷ்டிரத்துக்கு 560, கர்நாடகத்துக்கு 700, ஆந்திரத்துக்கு 800 ஒதுக்கப்பட்டது. மீதமுள்ள இருபத்தைந்து ஆண்டுகளில் ஆற்றில் இதைவிடக் குறைவாகவே நீர் ஓடும் என்பதும் இதே கணக்கிற்குள் அடங்கியிருக்கிறது.

ஒரு கற்பனை ஆண்டைக் கொள்ளலாம். ஆற்றில் 1,600 டி.எம்.சி. மட்டுமே ஓடுகிறது. அதே விகிதத்தில் குறைத்தால் மகாராஷ்டிரத்துக்கு 435, கர்நாடகத்துக்கு 544, ஆந்திரத்துக்கு 621 கிடைக்க வேண்டும். ஆனால் ஆறு விகிதம் பார்த்து ஓடுவதில்லை. மழை பெய்வது மேலே. கொய்னா, ஆலமட்டி, நாராயணபுரம் முதலிய அணைகள் முதலில் நிரம்புகின்றன. மேல் மாநிலங்கள் இரண்டும் தம் முழுப் பங்கான 1,260 டி.எம்.சி.யை எடுத்துக்கொண்டால், கீழே வந்து சேர்வது 340 மட்டுமே. பற்றாக்குறையான 460 டி.எம்.சி. முழுவதும் கடைசி மாநிலத்தின் தலையில் விழுகிறது. யாரும் தம் பங்கைத் தாண்டவில்லை. ஆயினும் ஒருவர் மட்டும் இழக்கிறார். பிணக்கு பிறக்கும் இடம் இதுதான்.

இந்த ஆபத்தை ஈடுகட்டவே, 2,060-க்கு மேல் வரும் உபரியைப் பயன்படுத்தும் சலுகையைத் தீர்ப்பாயம் ஆந்திரத்துக்கு அளித்தது, அதை உரிமையாக்கவில்லை. சலுகையை நம்பிப் பாசனம் பெருகியபின் அதை விட்டுக்கொடுப்பது எளிதன்று. 2014-இல் தெலங்கானா தனி மாநிலமான பின், ஸ்ரீசைலத்திலிருந்து நீரைத் திருப்பும் போத்திரெட்டிப்பாடு மதகே இரு மாநிலங்களுக்கிடையே பெரும் பிணக்காகிவிட்டது. சென்னைக்கு வரும் நீரும் அதே மதகு வழியாகத்தான் வருகிறது.

காலமும் வழியும்

அளவு மட்டும் போதாது. நீர் வரும் மாதமும் முக்கியம். 1983 ஏற்பாட்டின்படி ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டி.எம்.சி.யும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டி.எம்.சி.யும் வர வேண்டும். பூண்டியின் கொள்ளளவோ 3.23 டி.எம்.சி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஏரிகள் நிறையும்போது மேலிருந்து வரும் நீரை வைக்க இடமிருக்காது. அதனால் நீரை நிறுத்தும்படி தமிழ்நாடே கேட்கும் நிலை வரும். கோடையில் சென்னை நீருக்குத் தவிக்கையில் ஆந்திரத்தின் வயல்களும் காய்ந்திருக்கும். இருவரின் தேவையும் ஒரே மாதத்தில் மோதுகிறது.

அடுத்தது வழி. நீர் வரும் வழியில் ஆந்திரத்திலுள்ள கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து எல்லை வரை 152 கிலோமீட்டர் திறந்த கால்வாய். கரைகள் சரிந்தும், இடையில் மோட்டார் வைத்து நீர் எடுக்கப்பட்டும் தொடக்க ஆண்டுகளில் நீர் பெருமளவு குறைந்தது. சத்ய சாய் அறக்கட்டளையின் உதவியுடன் 2002-க்குப் பின் கரைகள் சீரமைக்கப்பட்டு வரவு மேம்பட்டது. அணையில் திறந்த அளவைச் சொன்னால் ஒரு கணக்கு, ஜீரோ பாயிண்டில் அளந்தால் வேறு கணக்கு என்பதால், எங்கு அளப்பது என்பதும் வாதப்பொருளாகிறது.

உள்ளூர் ஆறுகளில் அதே பாடம்

பெரிய ஆறுகளுக்கு மட்டும் உரியதன்று இச்சிக்கல். பூண்டியை நிரப்பும் கொசஸ்தலை ஆற்றின் நீர்ப்பிடிப்பில் ஒரு பகுதி ஆந்திரத்தில் உள்ளது. அங்கே புதிய நீர்த்தேக்கங்கள் கட்டும் முயற்சிக்குத் தமிழ்நாடு 2022-இல் எதிர்ப்புத் தெரிவித்தது. மறுபுறம், ஆந்திரத்தின் பிச்சாட்டூர் அணை பெருமழையில் திறக்கப்பட்டால் ஆரணி ஆறு பெருகி ஊத்துக்கோட்டைப் பகுதியின் சாலைகளை மூழ்கடிக்கிறது. கீழேயுள்ளவருக்கு வறட்சியிலும் வெள்ளத்திலும் மேலேயுள்ளவரின் முன்னறிவிப்பு தேவைப்படுகிறது.

சட்டத்தின் எல்லை

அரசமைப்புச் சட்டத்தில் நீர் பொதுவாக மாநிலப் பட்டியலில் உள்ளது. பல மாநிலங்களில் ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு. பிணக்குகளைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப 1956-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. தீர்ப்பாயம் பங்கை எண்ணால் சொல்லிவிடும். அந்த எண்ணை மழை குறையும் மாதத்தில் எப்படிச் செயற்படுத்துவது என்பதே கடினம். காவிரியில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குப் பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என நிர்ணயித்து, மேலாண்மை ஆணையமும் அமைந்தது. பற்றாக்குறை ஆண்டில் பங்குகள் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று 2007-இல் காவிரித் தீர்ப்பாயமும் கூறியிருந்தது. எனினும் 2023-இல் மழை பொய்த்தபோது எவ்வளவு குறைப்பது, எந்த நாளிலிருந்து குறைப்பது என்பதில் கர்நாடகமும் தமிழ்நாடும் உடன்படவில்லை.

ஆகவே, பகிரும் ஆற்றின் உடன்படிக்கையில் நல்ல ஆண்டின் பங்கைவிடக் கெட்ட ஆண்டின் பங்கே முதலில் எழுதப்பட வேண்டும். அதை எங்கு, யார், எந்நாளில் அளப்பது என்பதும் உடன் எழுதப்பட வேண்டும். இவை இரண்டும் இல்லாத உடன்படிக்கை மழை பெய்யும் வரை மட்டுமே செல்லும்.