வேலை போன மறுநாள் காலையில் எந்த பில்லை முதலில் கட்டுவது?

ஹெச்.ஆர் மீட்டிங் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும். லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் '5-ம் தேதி இ.எம்.ஐ போகுமே' என்பது ஞாபகத்துக்கு வரும். உங்களுக்கோ உங்கள் நண்பருக்கோ இது நடந்திருக்கலாம். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்த்த என் நண்பன் ஒருவனுக்கு நடந்தது. அவன் கணக்கை அப்படியே சொல்கிறேன், உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைக்கு வந்த சம்பளம் 46,000. செலவு இது: வாடகை 11,000, பைக் இ.எம்.ஐ 4,200, பர்சனல் லோன் 6,500, ஊரில் அப்பா அம்மாவுக்கு 8,000, சாப்பாடு 9,000, பெட்ரோல் 2,500, போன், வைஃபை 1,300, ஜிம், ஓ.டி.டி எல்லாம் சேர்த்து 2,000. மொத்தம் 44,500. இது போக கிரெடிட் கார்டில் 38,000 பாக்கி, அதற்கு மினிமம் டியூ 1,900. கையிருப்பு என்று பார்த்தால் சேவிங்ஸில் 62,000, எஃப்.டியில் 80,000. ஆக 1,42,000 ரூபாய். மாதம் 46,400 போனால் மூணு மாசம்தான் தாங்கும்.

ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்டில் 70,000 வரும் என்று சொல்லியிருந்தார்கள். அதை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை. சரியான முடிவு. பல கம்பெனிகளில் அது கைக்கு வர ஒன்றரை மாசம்கூட ஆகிவிடுகிறது. அக்கவுன்ட்டில் விழும்வரை அது உங்க பணம் இல்லை.

அடுத்ததுதான் முக்கியமான இடம். காசு குறையும்போது, யார் அதிகமாக போன் பண்ணுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கட்டிவிடுவோம். பெரும்பாலும் அது கார்டு கம்பெனியாகத்தான் இருக்கும். ஹவுஸ் ஓனர் பாவம், பத்து நாள் பொறுத்துப் பார்ப்பார். ஆனால் 'இதைக் கட்டலைன்னா எதை இழப்பேன்?' என்று கேட்டால் வரிசையே மாறிவிடும். முதலில் வாடகை, சாப்பாடு, கரன்ட், மருந்து. போன் ரீசார்ஜையும் இங்கேயே வையுங்கள், இன்டர்வியூ கால் வருவது அதில்தான். இரண்டாவது, பொருளை எடுத்துக்கொண்டு போகக்கூடிய கடன்கள்: பைக் லோன், வீட்டு லோன், நகைக் கடன். மூன்றாவது பர்சனல் லோன். கடைசியில் கார்டு.

கடைசி என்றால் கட்டவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கார்டு வட்டி பொதுவாக மாசத்துக்கே 3.5 சதவிகிதம் அளவில் ஓடும். 38,000-க்கு மாசம் 1,330 வட்டி, அதன் மேல் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கிட்டத்தட்ட 1,570. மினிமம் டியூவாக 1,900 கட்டினால் அசலில் 330 ரூபாய்தான் குறையும். பாக்கி இருக்கும்போது அதே கார்டைத் தேய்த்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றிலிருந்தே வட்டி. அப்போ எஃப்.டியை உடைத்து மொத்தமாக அடைத்துவிடலாமே? சம்பளம் வரும்போது என்றால் நானும் அதையேதான் சொல்வேன். வேலை இல்லாதபோது கையில் இருக்கும் ரொக்கம்தான் வாடகை. அவன் கார்டை வீட்டிலேயே வைத்துவிட்டு, பாக்கியை 16 சதவிகித வட்டியில் 12 மாத இ.எம்.ஐயாக மாற்றினான். மாசம் சுமார் 3,450. மினிமம் டியூவைவிட அதிகம்தான். ஆனால் இதில் கடன் நிஜமாகவே குறைகிறது.

வெட்டியது எங்கே? ஆப்பில் ஆர்டர் பண்ணுவதை நிறுத்தி, ரூம்மேட்டுடன் சேர்ந்து சமைத்ததில் சாப்பாடு 4,500 ஆனது. ஆபீஸ் போகாததால் பெட்ரோல் 1,000. வைஃபையை நிறுத்திவிட்டு போன் மட்டும் 700. ஜிம், ஓ.டி.டி பூஜ்யம். (யு.பி.ஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து பாருங்கள். மறந்தே போன இரண்டு சப்ஸ்கிரிப்ஷனாவது அங்கே காசு பிடித்துக்கொண்டிருக்கும்.) ரொம்பக் கஷ்டமாக இருந்தது வீட்டுக்கு அனுப்பும் பணம்தான். இரண்டு வாரம் மறைத்தான். பிறகு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும், 'நாலாயிரம் போதும்டா' என்றார். ஆக மாசச் செலவு, கார்டு இ.எம்.ஐயும் சேர்த்து 35,350. அதே 1,42,000 இப்போ நாலு மாசம் வரும்.

எல்லாப் பணத்தையும் தினமும் தொடாத ஓர் அக்கவுன்ட்டில் போட்டு, 1-ம் தேதி அந்த 35,350-ஐ மட்டும் தனக்குத் தானே 'சம்பளமாக' அனுப்பிக்கொண்டான். எஃப்.டியை, சேவிங்ஸ் தீரும் நேரத்தில்தான் உடைத்தான். முன்கூட்டியே உடைத்தால் வட்டியில் கொஞ்சம் குறைப்பார்கள், அவ்வளவுதான். அதற்குப் பயந்து லோன் ஆப் பக்கம் போனால் அந்த நஷ்டத்தோடு ஒப்பிடவே முடியாது.

இ.எம்.ஐ கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு ஒரு வாரம் முன்பே பேங்குக்கு மெயில் போடுங்கள். பவுன்ஸ் ஆன பிறகு பேசினால் உங்கள் பேங்க் ஒரு அபராதம், கடன் கொடுத்தவர் ஒரு அபராதம் என்று இரண்டு பக்கமும் பிடிப்பார்கள். கால அளவை நீட்டிக்க முடியுமா, சில மாதம் வட்டி மட்டும் கட்டலாமா என்று கேளுங்கள். அது சிபில் ரிப்போர்ட்டில் எப்படிப் பதிவாகும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் கணக்கில் போய்விடும். அந்த நேரத்தில், 'பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்' என்று ஒரு கால் வரும். கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழுந்தால் அது 'க்ளோஸ்டு' ஆகாது, அடுத்த லோன் கேட்கும்போது தெரியும். வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் பேங்க் விதி.

பலரும் கோட்டை விடுவது மெடிக்கல் இன்ஷூரன்ஸில். ஆபீஸ் குரூப் பாலிசி பொதுவாக வேலையின் கடைசி நாளோடு முடிந்துவிடும். புதிதாக எடுத்தால், விபத்து தவிர மற்றதுக்கு முதல் 30 நாள் க்ளெய்ம் கிடைக்காது. ஆகவே ரிலீவ் ஆவதற்கு முன்பே, அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். நண்பன் கடைசி சம்பளத்திலேயே அந்த பிரீமியத்தைக் கட்டிவிட்டான்.

பி.எஃப்? கை வைக்கலாம், ஆனால் கடைசியாக. மொத்த சர்வீஸ் 5 வருஷத்துக்குள் இருந்து 50,000-க்கு மேல் எடுத்தால், பான் இணைத்திருந்தாலும் 10 சதவிகிதம் டி.டி.எஸ் பிடிப்பார்கள். பழைய கம்பெனி பி.எஃப்பை டிரான்ஸ்ஃபர் செய்திருந்தால் அந்த வருஷங்களும் சேரும், அதை முதலில் பாருங்கள். அதற்கு முன்னால் இன்னொரு பணம் இருக்கிறது: ஹவுஸ் ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸ். அதில் ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்ளச் சொல்லி நண்பன் கேட்டான், ஓனர் ஒப்புக்கொண்டார். 11,000 மிச்சம்.

செட்டில்மென்ட் 70,000 இரண்டாவது மாசக் கடைசியில் வந்தது. அதில் இன்னும் இரண்டு மாசம் ஓடும். வேலை கிடைத்தது ஐந்தாவது மாசம் 22-ம் தேதி. அப்பாடா என்று நினைத்தால், அந்த மாச பேரோல் ஏற்கெனவே மூடிவிட்டது. முதல் சம்பளம் ஆறாவது மாசக் கடைசியில்தான். ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் ஜிம்மைப் புதுப்பிக்கப் போனவன், தேதியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். சம்பளம் கிரெடிட் ஆன அன்று அவனிடம் மிச்சம் இருந்தது அந்த 11,000 மட்டும்தான்.