கொலஸ்ட்ரோல் குளிசையும் ஈரலின் வாசலும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தர உயிரியல் பிள்ளைகளும், மருத்துவ பீடத்தில் முதலாம் வருடம் உயிர் இரசாயனம் படிக்கிற நமது பழைய மாணவர்களும் வாசிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வீட்டில் கொலஸ்ட்ரோல் குளிசை போடுபவர்களும் வாசிக்கலாம்.

போன கிழமை வகுப்பு முடிந்த பிறகு ஒரு பிள்ளை வந்து கேட்டாள். "சேர், வாப்பா போடுற ஸ்டட்டின் குளிசை ஈரல் கொலஸ்ட்ரோல் செய்றதை நிப்பாட்டுது, அதனால இரத்தத்தில குறையுதுண்டு எழுதினேன். அரைவாசிப் புள்ளிதான் கிடைச்சது. ஏன்?"

எழுதியது பிழையில்லை. ஆனால் அது பாதிக் கதை. மற்றப் பாதியைக் கண்டுபிடிக்க, பிறவியிலேயே கொலஸ்ட்ரோல் பல மடங்கு உயர்ந்த சில பிள்ளைகளின் நோய் தேவைப்பட்டது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். கொழுப்பு நீரில் கரையாது. அதனால் ஈரல் அதைப் புரதத்தால் பொதி கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. அந்தப் பொதியின் பெயர் வி.எல்.டி.எல். வழியில் தசையும் கொழுப்பிழையமும் அதிலுள்ள டிரைகிளிசரைட்டை இறக்கிக்கொள்கின்றன. கடைசியில் மிஞ்சுவது கொலஸ்ட்ரோல் நிறைந்த சின்னப் பொதி, எல்.டி.எல். அதன் மேல் அப்போ பி-100 என்ற ஒரேயொரு பெரிய புரதம் சுற்றியிருக்கும். பொதியை வாங்குபவருக்கு அதுதான் விலாசம். வாங்குபவர் யார் என்பதுதான் 1970 வரை தெரியாமல் இருந்தது.

சில குடும்பங்களில் இளவயதிலேயே மாரடைப்பு வருவதையும், குதிக்காலுக்கு மேலுள்ள தசைநாணில் கொழுப்புக் கட்டிகள் தோன்றுவதையும் நோர்வே நாட்டு வைத்தியர் கார்ல் முல்லர் 1930களின் கடைசியில் எழுதிவைத்தார். 1964இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த கச்சதூரியன் லெபனான் குடும்பங்களை ஆராய்ந்தார். நெருங்கிய உறவுக்குள் கலியாணம் செய்த குடும்பங்கள் அங்கே அதிகம். அவர் கண்டது, கொலஸ்ட்ரோல் அளவு மூன்று தெளிவான கூட்டமாகப் பிரிந்து நின்றது. சிலருக்குச் சாதாரணம், சிலருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு, சில பிள்ளைகளுக்கு நான்கு மடங்கு. மெண்டலின் பாடம் படித்தவர்களுக்கு உடனே விளங்கும். பழுதான பரம்பரையலகு ஒன்று இருந்தால் இரண்டு மடங்கு, தாயிடமும் தந்தையிடமும் இருந்து இரண்டும் பழுதாக வந்தால் நான்கு மடங்கு. மச்சான் மச்சாள் கலியாணம் நமது ஊர்களிலும் உண்டு என்பதால் இந்த இடத்தை நான் வகுப்பில் வேகமாகக் கடப்பதில்லை.

இரண்டும் பழுதான பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே மாரடைப்பு வரும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் பணிபுரிந்த ஜோசப் கோல்ட்ஸ்டீன் அப்படியான பிள்ளைகளைக் கண்டார். அவரும் நண்பர் மைக்கேல் பிரவுனும் பின்னர் டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரில் இந்தப் பிரச்சினையைக் கையிலெடுத்தார்கள்.

அவர்களுடைய முதல் ஊகம் பிழை. அதனாலேயே எனக்கு இந்தக் கதை பிடிக்கும். கொலஸ்ட்ரோல் தயாரிக்கும் பாதையில் வேகத்தைத் தீர்மானிக்கும் நொதியம் எச்.எம்.ஜி.கோஏ ரிடக்டேஸ். கொலஸ்ட்ரோல் போதுமானதாக இருந்தால் அது அடங்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் அந்த நொதியமே பழுதாகி அடங்காமல் ஓடுகிறது என்று அவர்கள் நினைத்தார்கள். தோலிலிருந்து எடுத்த கலங்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்துப் பார்த்தார்கள். சாதாரண ஆளின் கலங்களுக்கு எல்.டி.எல். கொடுத்ததும் நொதியம் அடங்கியது. நோயாளியின் கலங்களில் அது பல பத்து மடங்கு வேகத்தில் ஓடியது, எல்.டி.எல். கொடுத்தும் அடங்கவில்லை. ஊகம் சரிதான் போலத் தெரிந்தது.

பிறகு இன்னொரு சோதனை. எல்.டி.எல். பொதியை விட்டுவிட்டு, வெறும் கொலஸ்ட்ரோலை அற்ககோலில் கரைத்து நோயாளியின் கலங்களுக்குக் கொடுத்தார்கள். அது தானாகக் கலத்துக்குள் ஊடுருவும். உடனே நொதியம் அடங்கிவிட்டது. அப்படியென்றால் நொதியத்தில் பழுதில்லை. பொதியை உள்ளே எடுக்கும் வாசல்தான் இல்லை. 1974இல் கதிரியக்க அயடீன் ஏற்றிய எல்.டி.எல்.ஐக் கொண்டு அதை நிரூபித்தார்கள். சாதாரணக் கலங்களின் மேற்பரப்பில் அது ஒட்டியது, இந்த நோயாளிகளின் கலங்களில் ஒட்டவில்லை. அந்த வாசலின் பெயர்தான் எல்.டி.எல். வாங்கி. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாங்கி ஒரு தடவை பயன்படுத்தி எறியும் சாமான் அல்ல. எல்.டி.எல்.ஐப் பிடித்துக்கொண்டு கலத்துக்குள் போகும். அங்கே அமிலத்தன்மை கூடியதும் பொதியை விட்டுவிட்டு மேலே திரும்பி வரும். ஒரு பயணத்துக்குச் சுமார் 10 நிமிடம், அதன் ஆயுள் சுமார் 20 மணித்தியாலம். கணக்குப் போட்டால் ஒரு வாங்கி நூறு தடவைக்கு மேல் போய்வரும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதே காலத்தில் டோக்கியோவில் சாங்க்யோ என்ற மருந்துக் கம்பனியில் அகிரா எண்டோ வேறு வழியில் நடந்துகொண்டிருந்தார். தம்முடன் போட்டியிடும் நுண்ணங்கிகளைக் கொல்வதற்காகக் கொலஸ்ட்ரோல் பாதையைத் தடுக்கும் நஞ்சைச் சில பங்கசுகள் செய்யக்கூடும் என்பது அவர் எண்ணம். சுமார் 6,000 பங்கசு வகைகளைச் சோதித்து, 1973இல் பெனிசிலியம் சிற்றினம் என்ற பூஞ்சணத்திலிருந்து கொம்பக்டினைப் பிரித்தெடுத்தார். அது கியோத்தோவில் எடுத்த அரிசி மாதிரியொன்றில் வளர்ந்த பூஞ்சணம். எலிக்குக் கொடுத்தார், கொலஸ்ட்ரோல் குறையவில்லை. எலியின் ஈரல் தடுக்கப்பட்ட நொதியத்தைப் பல மடங்கு கூட்டிச் செய்து மருந்தை முறியடித்துவிட்டது. வேறு யாரும் அத்துடன் கைவிட்டிருப்பார்கள். முட்டையிடும் கோழிக்குக் கொடுத்துப் பார்த்தபோது குறைந்தது. 1978இல் ஒசாக்காவில் வைத்தியர் யமமோட்டோ அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். வாங்கி இரண்டு பக்கத்தாலும் பழுதான 18 வயதுப் பெண். கொலஸ்ட்ரோல் கொஞ்சம் குறைந்தது, ஆனால் தசை பலவீனமாகி மருந்தளவைக் குறைக்க வேண்டி வந்தது. ஸ்டட்டின் போடுபவர்களிடம் வைத்தியர் இன்றும் தசை நோவு இருக்கிறதா என்று கேட்பது அந்த முதல் நோயாளியிலேயே தெரிந்த விடயத்தைத்தான். கொம்பக்டின் சந்தைக்கு வரவில்லை. அதன் நெருங்கிய உறவான லொவஸ்டட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். ஸ்டட்டின் ஈரல் கலத்தில் நொதியத்தைத் தடுக்கிறது. கலத்துக்குள் கொலஸ்ட்ரோல் தட்டுப்படுகிறது. கலம் சும்மா இருக்காது, வெளியிலிருந்து வாங்குவதற்காக அதிக எல்.டி.எல். வாங்கிகளைச் செய்து மேற்பரப்பில் வைக்கும். 1981இல் நாய்களின் ஈரலில் இதை நேரடியாகவே காட்டினார்கள். இரத்தத்தில் எல்.டி.எல். குறைவதற்குப் பிரதான காரணம் தயாரிப்பு நின்றது அல்ல, ஈரல் அதிகமாக உறிஞ்சுவது. அந்த ஒரு வசனத்துக்குத்தான் மிச்சப் புள்ளி.

இது உண்மைதானா என்று பார்க்க ஒரு சோகமான சோதனை நடந்தது. டெக்சாசைச் சேர்ந்த 6 வயதுச் சிறுமிக்கு வாங்கியே கிடையாது, கொலஸ்ட்ரோல் 1,000க்கு மேல். ஸ்டட்டினால் அவளுக்குப் பயனில்லை, ஏனென்றால் கலம் எவ்வளவு கேட்டாலும் பழுதான பரம்பரையலகால் வாசல் செய்ய முடியாது. இருதயம் கெட்டுப்போயிருந்தது. 1984இல் பிற்ஸ்பேர்க்கில் இருதயமும் ஈரலும் ஒன்றாக மாற்றப்பட்டன. கொலஸ்ட்ரோல் 300க்குக் கீழ் இறங்கியது. பின்னர் அதே ஸ்டட்டின் வகை மருந்தைக் கொடுத்தபோது இன்னும் குறைந்தது. பிள்ளை அதே பிள்ளை, மாறியது ஈரல் மட்டும்.

ஒரு புதிர் மிச்சமிருந்தது. ஸ்டட்டின் அளவை இரண்டு மடங்காக்கினால் எல்.டி.எல். இன்னும் சுமார் 6 வீதம்தான் குறையும். ஏன்? 2003இல் பிரான்சில் சில குடும்பங்களை ஆராய்ந்தபோது விடை கிடைக்கத் தொடங்கியது. அவர்களின் வாங்கிப் பரம்பரையலகில் பழுதில்லை, ஆனாலும் கொலஸ்ட்ரோல் உயர்ந்திருந்தது. விகாரம் இருந்தது பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தில். அந்தப் புரதம் வாங்கியில் ஒட்டிக்கொண்டால், வாங்கி மேலே திரும்பி வராமல் உள்ளேயே அழிக்கப்படும். அந்த நூறு பயணம் இடையில் வெட்டுப்படுகிறது. தட்டுப்பாட்டை உணர்ந்த கலம் வாங்கியைக் கூட்டும்போது பி.சி.எஸ்.கே.9ஐயும் சேர்த்தே கூட்டுகிறது. ஒரு கையால் வாசல் திறந்து மறு கையால் மூடுவது மாதிரி.

டலசில் ஹெலன் ஹொப்ஸும் ஜொனதன் கோஹனும் எதிர்ப்பக்கத்தைத் தேடினார்கள். இந்தப் புரதம் பழுதானவர்களுக்கு என்ன நடக்கும்? ஆபிரிக்க வம்சாவளியினரில் அப்படியானவர்களுக்கு எல்.டி.எல். 28 வீதம் குறைவு, 15 வருடக் கண்காணிப்பில் இருதய நோய் 88 வீதம் குறைவு. இரண்டு பிரதியும் பழுதான ஒரு பெண்ணின் எல்.டி.எல். வெறும் 14. அவர் பிள்ளைகளைப் பெற்று நலமாக இருந்தார். 9 வருடத்துக்குப் பிறகு, 2015இல், இந்தப் புரதத்தைப் பிடித்துவைக்கும் ஊசிகள் வந்தன.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பரம்பரையலகு மட்டும் பழுதான ஒருவருக்கு எல்.டி.எல். 280 என்று வைப்போம். பலமான ஸ்டட்டின் பாதியாக்கும், 140. குடலில் கொலஸ்ட்ரோல் உறிஞ்சும் வாயிலைத் தடுக்கும் எசெற்றிமைப் சேர்த்தால் இன்னும் ஐந்தில் ஒன்று குறையும், 112. ஊசி அதில் சுமார் 60 வீதத்தைக் குறைத்து 45 அளவில் கொண்டுவரும். இவை எல்லாம் கடைசியில் வாங்கியைக் கூட்டித்தான் வேலை செய்கின்றன. இவருக்கு ஒரு நல்ல பிரதி இருப்பதால் பலிக்கிறது. இரண்டும் முற்றாகப் பழுதானவருக்கு இதே மூன்றும் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது. அவர்களுக்கு இயந்திரத்தால் இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ வடிகட்ட வேண்டும். அல்லது 2021இல் அனுமதி பெற்ற எவினாக்குமாப் ஊசி. அது ஏ.என்.ஜி.பி.ரி.எல்.3 என்ற வேறொரு புரதத்தைத் தடுத்து, எல்.டி.எல். வாங்கியின் உதவியில்லாமலே எல்.டி.எல்.ஐப் பாதியளவு குறைக்கிறது.

அந்தப் பிள்ளை எல்லாம் கேட்டுவிட்டு, வாப்பாவின் பழைய ரிப்போட்டைக் கொண்டுவந்து காட்டினாள். குளிசை தொடங்க முன் எல்.டி.எல். 236. வளர்ந்தவருக்கு 190ஐத் தாண்டினால் இந்தப் பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். வாப்பாவின் மூத்த நானா 41 வயதில் மாரடைப்பில் மௌத்தானவராம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் பலமாகிறது; வாப்பாவுக்கு இந்த நோய் இருந்தால் அவளுக்கும் தம்பிக்கும் ஆளுக்கு 50 வீத வாய்ப்பு. அடுத்த சனிக்கிழமை வாப்பாவின் கிளினிக் நாள், இருவரையும் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் லிப்பிட் புரொபைல் எடுக்கச் சொல்லிக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன்.