ஸ்டாட்டின் மாத்திரையும் யுபிகுவினோனும்: தசைவலி வரும்போது அறிய வேண்டியவை

இரத்தக் கொழுப்பைக் குறைப்பதற்காக அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு இரு கேள்விகள் எழுவதுண்டு. "இம்மாத்திரை உடலிலுள்ள ஒரு சத்தைக் குறைத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? என் தசைவலிக்கு அதுதான் காரணமா?" அந்தச் சத்தின் பெயர் யுபிகுவினோன். துணைநொதி கியூ10 என்றும் அதனை அழைப்பர். அது உடலில் என்ன வேலை செய்கிறது, ஸ்டாட்டின் அதனை எவ்வாறு குறைக்கக்கூடும், தசைவலி வந்தால் நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

யுபிகுவினோன் செய்யும் வேலை

நாம் உண்ணும் உணவின் ஆற்றல், உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளில் பயன்படத்தக்க வடிவமாக மாற்றப்படுகிறது. இதயமும் கை கால் தசைகளும் இடைவிடாது உழைப்பவை; ஆகவே அவற்றில் மைட்டோகாண்ட்ரியாக்கள் மிகுதியாக உள்ளன.

மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் பெரிய புரதத் தொகுதிகள் பதிந்துள்ளன. உணவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் முதலாம் தொகுதி, இரண்டாம் தொகுதி ஆகிய இரு வாயில்கள் வழியாக உள்ளே வருகின்றன. அங்கிருந்து அவை மூன்றாம் தொகுதிக்குச் செல்ல வேண்டும். இடையில் இருப்பது கொழுப்பாலான சவ்வு. அதில் எலக்ட்ரான்கள் தாமாகக் கடந்து செல்ல இயலாது. அவற்றை ஏற்றிச் செல்லும் ஊர்தியே யுபிகுவினோன்.

இம்மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. பத்து சிறு அலகுகளைக் கோத்தது போன்ற வால் கொழுப்பில் கரையும் தன்மையுடையது; அதனால் மூலக்கூறு சவ்வுக்குள்ளேயே தங்கி, அங்குமிங்கும் எளிதாக நகர்கிறது. பெயரிலுள்ள 10 என்னும் எண் இந்தப் பத்து அலகுகளையே குறிக்கிறது. எலக்ட்ரான்களை ஏற்பதும் விடுவதும் தலைப்பகுதியின் வேலை. இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் ஏற்றுக்கொண்டதும் அது யுபிகுவினால் என்னும் வடிவத்தை அடைகிறது. மூன்றாம் தொகுதியில் சுமையை இறக்கியபின் மீண்டும் யுபிகுவினோனாக மாறி, அடுத்த சுமைக்குத் திரும்புகிறது.

மூன்றாம் தொகுதியிலிருந்து எலக்ட்ரான்கள் சைட்டோகுரோம் சி என்னும் சிறு புரதத்தின் வழியாக நான்காம் தொகுதியை அடைந்து, நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகின்றன. இப்பயணத்தின்போது சவ்வின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்திற்குப் புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியாகப் பாய்ந்து சுழலியை இயக்குவது போல, தேங்கிய புரோட்டான்கள் திரும்பப் பாயும்போது ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உருவாகிறது. தசை சுருங்குவதற்கு வேண்டிய ஆற்றல் இதுவே.

1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரெடெரிக் கிரேன் என்பவர், மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இப்பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார்.

ஸ்டாட்டின் எங்கே குறுக்கிடுகிறது?

யுபிகுவினோனின் பெரும்பகுதியை உடல் தானே தயாரித்துக்கொள்கிறது. இறைச்சி, மத்தி மீன், நிலக்கடலை போன்ற உணவுகளிலிருந்து கிடைப்பது நாளொன்றுக்குச் சில மில்லிகிராம் மட்டுமே.

உடலில் கொலஸ்ட்ரால் உருவாகும் பாதையும், யுபிகுவினோனின் வால் உருவாகும் பாதையும் தொடக்கத்தில் ஒன்றே. ஒரே வாய்க்காலிலிருந்து பின்னர் இரு கிளைகள் பிரிந்து இரு வயல்களுக்குப் பாய்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். பொது வாய்க்காலின் தலைப்பில் எச்.எம்.ஜி.-கோஏ ரிடக்டேஸ் என்னும் நொதி மதகுபோல் செயல்பட்டு, மெவலோனேட் என்னும் பொருளை உருவாக்குகிறது. மெவலோனேட்டிலிருந்து வரும் சிறு அலகுகளே ஒரு கிளையில் கொலஸ்ட்ராலாகவும், மற்றொரு கிளையில் யுபிகுவினோனின் வாலாகவும் மாறுகின்றன.

ஸ்டாட்டின் மருந்துகள் தடுப்பது இந்தத் தலைமதகையே. கல்லீரலில் கொலஸ்ட்ரால் உற்பத்தி குறைவதால், கல்லீரல் இரத்தத்திலுள்ள கெட்ட கொழுப்பான எல்.டி.எல். துகள்களைக் கூடுதலாக உள்ளிழுத்துக்கொள்கிறது. மருந்தின் நோக்கம் இதுவே. ஆனால் மதகு பொதுவானது என்பதால், யுபிகுவினோன் கிளைக்குச் செல்லும் வரத்தும் குறையக்கூடும்.

இரத்தத்தில் குறைந்தால் தசையிலும் குறைந்ததாகுமா?

ஸ்டாட்டின் எடுப்பவர்களின் இரத்தத்தில் யுபிகுவினோன் அளவு குறைவது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டுள்ளது. எனினும் இதற்கு ஓர் எளிய காரணமும் உண்டு. கொழுப்பில் கரையும் இப்பொருள் இரத்தத்தில் தனியே மிதப்பதில்லை, பெரும்பாலும் எல்.டி.எல். துகள்களில் ஏறியே செல்கிறது. மாத்திரையால் அத்துகள்கள் குறையும்போது, அவற்றில் பயணிக்கும் யுபிகுவினோனும் உடன் குறைகிறது. ஆகவே இரத்த அளவு குறைந்ததைக் கொண்டு தசையின் உள்ளே பற்றாக்குறை உள்ளது என்று முடிவு செய்ய இயலாது.

தசைத்துணுக்கை எடுத்து நேரடியாக அளந்த ஆய்வுகள் ஒத்த முடிவைத் தரவில்லை. சிலவற்றில் அளவு குறைந்திருந்தது. வேறு சிலவற்றில் மாற்றமில்லை. மேலும், யுபிகுவினோன் ஒருமுறை பயன்பட்டதும் அழிந்துவிடுவதில்லை. ஒரே மூலக்கூறு மீண்டும் மீண்டும் சுமை ஏற்றுகிறது. ஆகவே ஊர்திகளின் எண்ணிக்கை சற்றுக் குறைந்தாலும், தேவைக்குப் போதுமான அளவு எஞ்சியிருக்கும்வரை ஆற்றல் உற்பத்தி தடைப்படாது. "குறைக்கக்கூடும்" என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாகக் கூறுவதன் பொருள் இதுதான்.

தசைவலிக்கு மாத்திரைதான் காரணமா?

எடுத்துக்காட்டாக, குரும்பலூரைச் சேர்ந்த 58 வயதுப் பெண் ஒருவரைக் கருதுவோம். அவருக்குச் சர்க்கரை நோய் உள்ளது. ஆறு வாரங்களுக்கு முன் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி. தொடங்கப்பட்டது. இப்போது உடல்வலி என்கிறார். இதே காலத்தில் அவர் சின்ன வெங்காயக் காட்டில் நாள்தோறும் குந்தி அமர்ந்து களையெடுத்தும் வந்தார்.

வலி ஒரு முழங்காலிலோ இடுப்பின் ஒரு பக்கத்திலோ மட்டும் இருந்து, வேலை செய்யும்போது கூடி, ஓய்வில் தணிந்தால், அது மூட்டுத் தேய்மானம் அல்லது உழைப்பால் வந்த வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். இரு தொடைகளிலும் அல்லது இரு தோள்களிலும் ஒருசேர வலி, பிடிப்பு அல்லது தளர்ச்சி தோன்றி, தரையிலிருந்து எழவும் படி ஏறவும் சிரமம் ஏற்பட்டால், மாத்திரையை ஐயுற வேண்டும். மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களுக்குள் தொடங்கியிருந்தால் ஐயம் வலுப்படும்.

அடுத்து, மருத்துவர் கிரியேட்டின் கைனேஸ் என்னும் இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொல்லலாம். தசை சிதையும்போது இந்நொதி இரத்தத்தில் கூடும். ஆனால் கடும் உடலுழைப்பாலும் அது உயரும். ஆகவே முந்தைய நாட்களில் செய்த வேலையை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்; சில நாட்கள் ஓய்வுக்குப் பின் மறுபரிசோதனை தேவைப்படலாம். தைராய்டு சுரப்புக் குறைவும் வைட்டமின் டி குறைவும் தசைவலியைத் தருபவை என்பதால், அவையும் பார்க்கப்படும்.

தேவையானால் மருத்துவர் மாத்திரையை இரண்டு முதல் நான்கு வாரங்கள் நிறுத்திப் பார்ப்பார். வலி நீங்கி, மீண்டும் தொடங்கும்போது திரும்பினால், மாத்திரைக்குத் தொடர்புண்டு எனலாம். அப்போது அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவது, எசெட்டிமைப் போன்ற வேறு வகை மருந்தைச் சேர்ப்பது ஆகிய வழிகள் உள்ளன. நிறுத்தியும் வலி மாறாவிட்டால் காரணம் வேறெங்கோ உள்ளது.

பெரும்பாலான வலிகளுக்கு மாத்திரை காரணமன்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பக்கவிளைவு காரணமாக ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேரிடம் பிரித்தானியாவில் நடந்து, 2020இல் வெளியான ஆய்வில், அவர்களுக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தற்ற போலி மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றும் இல்லாமலும் தரப்பட்டது. ஸ்டாட்டின் மாதங்களில் தோன்றிய தொல்லையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போலி மாத்திரை மாதங்களிலும் தோன்றியது. அவர்கள் உணர்ந்த வலி உண்மையானதே. அதனை உண்டாக்கியது பெரும்பாலும் மருந்துப்பொருள் அன்று.

கியூ10 மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

குறைந்த பொருளை வெளியிலிருந்து கொடுத்தால் வலி தீரும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. பிறவியிலேயே யுபிகுவினோன் தயாரிக்க இயலாத அரிய மரபணுக் குறைபாடு உள்ளவர்களில் சிலருக்கு அது பயன் தருகிறது. ஆனால் ஸ்டாட்டின் தசைவலிக்கு நடந்த ஆய்வுகளின் முடிவுகள் முரண்படுகின்றன. நாளொன்றுக்கு 600 மி.கி. வரை கொடுத்தும் வலி குறையாத ஆய்வும் உண்டு. எனவே இதனை அனைவருக்கும் வழக்கமாகப் பரிந்துரைப்பதில்லை. வார்ஃபரின் என்னும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், மருத்துவரைக் கேளாமல் இதனைத் தொடங்கக் கூடாது. வார்ஃபரினின் ஆற்றலை இது குறைக்கக்கூடும்.

நீங்களாக நிறுத்த வேண்டாம்

தமிழக அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருபவருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே தரப்படும் மாத்திரைகளில், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் ஆகியவற்றுடன் அட்டோர்வாஸ்டாட்டினும் உள்ளது. மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர், இரத்தக்குழாயில் ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர் ஆகியோர் ஸ்டாட்டினைத் திடீரென நிறுத்தினால் மீண்டும் அடைப்பு ஏற்படும் ஆபத்து கூடும். யுபிகுவினோன் குறையுமோ என்னும் அச்சம் அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- சிறுநீர் கட்டங்காப்பி போன்ற அடர்நிறத்தில் போதல்
- கை கால்களைத் தூக்க இயலாத அளவு தளர்ச்சி, கடும் தசைவலி
- இவற்றுடன் காய்ச்சல் அல்லது சிறுநீர் குறைதல்

இவை தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிப்பதன் அடையாளமாக இருக்கலாம். இது மிக அரிது. எனினும் இந்நிலையில் மட்டும் அடுத்த ஸ்டாட்டின் மாத்திரையை எடுக்காமல், 108 அவசர ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதியவர்கள், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்கு இவ்வாபத்து சற்று அதிகம். கிளாரித்ரோமைசின் போன்ற சில நோய்நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளும், இட்ராகொனசோல் என்னும் பூஞ்சை எதிர்ப்பு மருந்தும் அட்டோர்வாஸ்டாட்டினின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். ஆகவே படர்தாமரைக்கோ காய்ச்சலுக்கோ மருந்து வாங்கும்போதும், நீங்கள் ஸ்டாட்டின் எடுப்பதை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் தெரிவியுங்கள். ஐயம் இருப்பின் 104 மருத்துவ உதவி எண்ணில் ஆலோசனை பெறலாம்.