ஆங்கிலத்தில் எதிர்மறைச் சொல்லை அடுத்த முறைமாற்றம்

ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் முன்னும் வினை பின்னும் வருவதே வழக்கம். நெவர், ஹார்ட்லி, நாட் ஒன்லி போன்ற எதிர்மறைச் சொற்கள் வாக்கியத்தின் தலைக்கு வரும்போது துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்து நிற்கிறது. ‘ஐ ஹேவ் நெவர் சீன் இட்’ என்பது ‘நெவர் ஹேவ் ஐ சீன் இட்’ என்றாகும். துணைவினை இல்லாத வாக்கியத்தில் டூ, டஸ், டிட் ஆகியவற்றுள் ஒன்று அந்த இடத்தை நிரப்பும்: ‘நாட் ஒன்லி டிட் ஹீ கம்’. இம்மாற்றத்துக்கு முறைமாற்றம் என்று பெயர்.

இவ்வழக்கு பழைய ஆங்கிலத்தின் எச்சம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மொழியில் எச்சொல் தலைக்கு வந்தாலும் இரண்டாம் இடம் பெரும்பாலும் வினைக்கே உரியது. எழுவாய் மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்படும். உறவுமொழியான ஜெர்மன் இன்றும் அப்படித்தான் இயங்குகிறது. ‘இன்று நான் போகிறேன்’ என்பதற்கு அங்கே ‘இன்று’ என்ற சொல்லை அடுத்து வினை, அதன் பின்னரே ‘நான்’. ஆங்கிலம் இடைக்காலத்தின் இறுதியில் இப்பழக்கத்தை மெல்ல மெல்லக் கைவிட்டது. கேள்விகளிலும் எதிர்மறைத் தொடக்கங்களிலும் வேறு சில இடங்களிலும் மட்டுமே அது தங்கியது. எஞ்சிய இந்த விதி இன்றும் நுட்பமாகவே செயல்படுகிறது. எதிர்மறை வாக்கியம் முழுவதையும் தழுவினால்தான் முறைமாற்றம் நிகழும். ‘அட் நோ டைம் டிட் ஷீ ஸ்பீக்’ என்றால் அவள் ஒருபோதும் பேசவில்லை. ‘இன் நோ டைம் ஷீ ஃபினிஷ்ட்’ என்றால் அவள் நொடியில் முடித்துவிட்டாள். இரண்டிலும் ‘நோ’ இருந்தாலும் பின்னதில் செயல் நடந்தேவிட்டது. ஆகவே மாற்றம் இல்லை. ‘நாட் ஒன்லி’ எழுவாயை மட்டும் தழுவும்போதும், ‘ரவி மட்டுமல்ல, மாலாவும் வந்தாள்’ என்ற பொருளில், சொற்கள் தம் இடத்திலேயே நிற்கும். ஹார்ட்லி வடிவில் எதிர்மறையாகத் தோன்றாவிட்டாலும், எதிர்மறை வாக்கியங்களுக்குப் பழகிய ‘எனி’, ‘எவர்’ போன்ற சொற்களை ஏற்கிறது. அதனால் அதுவும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பழைய வடிவம் என்பதால்தான் இது சம்பிரதாயமாக ஒலிக்கிறது என்று சொல்வதுண்டு. அவ்விளக்கம் போதாது. ‘நீதர் டூ ஐ’ என்பதிலும் இதே முறைமாற்றம் உண்டு. குழந்தைகளும் அதைச் சொல்கிறார்கள். ‘நோ வே ஆம் ஐ கோயிங்’ என்பதோ முழுக்கப் பேச்சுவழக்கு. அப்படியானால் சம்பிரதாயம் துணைவினை இடம் மாறுவதில் இல்லை; நெவர் என்ற சொல்லை முன்னே கொண்டுவரும் தேர்வில் இருக்கிறது. ‘நீதர்’ என்று தொடங்கிய பின் பேசுபவருக்கு வேறு வழியில்லை. நெவர், ஹார்ட்லி, நாட் ஒன்லி ஆகியவற்றுக்கோ வாக்கியத்தின் நடுவே எளிய இடம் எப்போதும் காத்திருக்கிறது. அதை விட்டு அவற்றை முன்னே வைப்பவர், இதை யோசித்து எழுதினேன் என்று வாசகருக்கு உணர்த்திவிடுகிறார். நீண்ட உரையில் அந்த உணர்வு உறுத்துவதில்லை. 1940 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சர்ச்சில் பேசிய புகழ்பெற்ற வாக்கியம் நெவர் என்றே தொடங்குகிறது, ஆனால் போர்நிலையை நெடுநேரம் விளக்கி அவர் அதற்குத் தளம் அமைத்திருந்தார். வீட்டு உரிமையாளருக்கு எழுதும் மூன்று வரிச் செய்தியில் அத்தளம் கிடையாது. ‘தி டேப் இஸ் லீக்கிங். ஐ ஹேவ் நெவர் சீன் இட் திஸ் பேட். ப்ளீஸ் சென்ட் சம்ஒன்’ என்பது குழாய் பற்றிய வேண்டுகோள். நடுவரியை ‘நெவர் ஹேவ் ஐ சீன் இட் திஸ் பேட்’ என்று மாற்றினால், மூன்றில் ஒரு பங்கு மேடைப்பேச்சாகி மற்ற இரண்டு வரிகளும் அந்தத் தொனியை ஏற்றுக்கொள்கின்றன. கோபத்தில் பேசும்போது இவ்வடிவம் இயல்பாகவே வருகிறதே என்று கேட்கலாம். வரும்; ஆனால் அங்கே குரலின் ஏற்ற இறக்கம் அழுத்தத்துக்குக் காரணம் காட்டுகிறது. எழுதிய வரியில் குரல் இல்லாததால் மிஞ்சுவது அமைப்பு மட்டுமே. நெவர், ஹார்ட்லி, நாட் ஒன்லி மூன்றினுள் கடைசியானது சற்று இலகுவானது. பின்னே வரும் ‘பட்’ அதற்குத் தன் சொந்தத் தளத்தைத் தருகிறது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இவ்வமைப்பு, ‘ஆஸ் சூன் ஆஸ்’ வாக்கியத்தை ‘நோ சூனர்’ வாக்கியமாக்கும் பயிற்சியாகவே பெரும்பாலும் அறிமுகமாகிறது. தமிழில் ‘ஒருபோதும்’ எங்கே நின்றாலும் வினை நகராது என்பதால், ‘நெவர் ஐ ஹேவ் சீன்’ என்று எழுதுவது எதிர்பார்க்கக்கூடிய பிழை. அப்பயிற்சியில் ‘நோ சூனர்’ பின்னே ‘தேன்’ கேட்கும். ‘ஹார்ட்லி’ கேட்பது ‘வென்’.