அச்சத்தில் நா வறட்சியும் கை சில்லிடுதலும்

அச்சம் தாக்கும்போது வாய் வறண்டு, கை கால்கள் சில்லிட்டு, உடம்பு நடுங்குவது நோயல்ல. ஓடவோ எதிர்க்கவோ உடல் தயாராகும்போது தோன்றும் விளைவு அது. அமெரிக்க உடலியலறிஞர் வால்ட்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் இந்த மாற்றங்களை விரிவாக விளக்கினார். சப்ரகமுவவின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் பாம்பு கடித்தவரைக் கவனிக்கும்போது இதைப் புரிந்துவைத்திருப்பது மிகவும் உதவும். பயத்தால் வரும் குளிர்ச்சியும் விஷத்தால் வரும் குளிர்ச்சியும் தொட்டுப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

விடியற்காலை மலையில்

பால் வெட்டும் தொழிலாளி ஒருவரை எண்ணிக்கொள்வோம். கேகாலைப் பக்கத்து மலை. இன்னும் வெளிச்சம் வரவில்லை. நெற்றியில் விளக்கு, கையில் வெட்டுக் கத்தி. மரத்தடிச் சருகில் கால் வைத்ததும் சுருக்கென்று ஒரு வலி. விளக்கொளியில் தெரிவது மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு குழிவிரியன், சிங்களத்தில் குனகட்டுவா. இலங்கையில் அதிகம் கடிக்கும் பாம்புகளில் இது ஒன்று.

சில நொடிகளுக்குள் மூளையின் எச்சரிக்கை பரிவு நரம்புகள் வழியாகப் பரவுகிறது. சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது.

இரத்தம் எங்கே போகிறது?

ஓய்வில் இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஏறத்தாழ கால் பங்கு குடலுக்கும் ஈரலுக்கும், ஐந்தில் ஒரு பங்கு தசைகளுக்கும் போகும். அச்சத்தில் இந்தப் பங்கீடு மாறுகிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் சிறு நாடிகள் சுருங்குகின்றன. கை கால் தசைகளுக்குப் போகும் நாடிகளை அட்ரினலின் விரிக்கிறது. மூளைக்குப் போகும் அளவு பெரும்பாலும் மாறுவதில்லை.

விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் நாடியையும் நாளத்தையும் நேரே இணைக்கும் குறுக்கு வழிகள் நிறைய உண்டு. வெதுவெதுப்பான இரத்தம் தோலுக்கு வருவது பெரும்பாலும் இவற்றின் வழியாகத்தான். பயத்தில் இவை மூடிக்கொள்கின்றன. அதே நேரத்தில் உள்ளங்கை வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது இருக்கிற சூட்டையும் கொண்டுபோகிறது. அதனால்தான் முதலில் கைதான் சில்லிடுகிறது. உடலின் உள்வெப்பம் இறங்குவதில்லை. மயிர் சிலிர்ப்பது மயிர்க்கால்களில் உள்ள சிறு தசைகள் இழுபடுவதால். விரல் நடுங்குவது அட்ரினலின் தசைகளைத் தூண்டுவதால்.

வாய் வறள்வதற்குக் காரணம் வேறு. நாளொன்றுக்கு அரை முதல் ஒன்றரை லீற்றர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. நீர்த்த உமிழ்நீரைச் சுரக்கச் சொல்வது இணைப்பரிவு நரம்பு. அச்சத்தில் மூளை அந்தக் கட்டளையைக் குறைத்துவிடுகிறது. மிஞ்சுவது கொஞ்சமான, பிசுபிசுப்பான உமிழ்நீர். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பயமா, விஷமா?

பயத்தில் இரண்டு கைகளும் ஒரே மாதிரி சில்லிடும். நாடி வேகமாக இருந்தாலும் பலமாகத் துடிக்கும். இரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அட்ரினலின் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைப்பதால், ஆளை உட்காரவைத்துப் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் மெல்லச் சூடு திரும்பும்.

விஷத்தாலோ இரத்தப்போக்காலோ அழுத்தம் விழும்போதும் உடல் இதே உத்தியைத்தான் கையாள்கிறது. தோலின் நாடிகளைச் சுருக்கி மூளையையும் இதயத்தையும் காக்கப் பார்க்கிறது. அப்போதும் கை குளிரும். ஆனால் நாடி மெலிந்து பிடிபடாமல் போகும், தலை சுற்றும், நினைவு மங்கும். நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிகளுக்குள் நிறம் திரும்ப வேண்டும். பயத்திலும் மலைக் குளிரிலும்கூட இது தாமதிக்கும் என்பதால், இந்த ஓர் அறிகுறியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. காலை இறுக்கிக் கட்டினால் கட்டிய கால் மட்டும் வெளிறிக் குளிரும். அது பயமும் அல்ல, விஷமும் அல்ல, இரத்தம் தடைப்பட்டதன் விளைவு. அப்படிக் கட்டுவதே தவறு.

கை சூடேறிவிட்டது என்பதற்காக லயத்துக்குத் திருப்பி அனுப்பவும் கூடாது. ஆஸ்பத்திரியில் சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது. குழிவிரியன் கடியில் பெரும்பாலோருக்கு வீக்கமும் வலியும்தான். சிலருக்கோ சிறுநீரகம் பழுதாகும். இங்கே வழக்கத்தில் உள்ள இந்திய விஷமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் உரியது. குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. அதனால்தான் பயம் தெளிந்து, நா ஈரமாகி, கை சூடேறிய பிறகும் அந்தத் தொழிலாளியை வார்டில் வைத்து, அவருக்குச் சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளந்து வருகிறார்கள்.