பாபசாம்யம்: ஒரு சொல்லும் ஒரு கூட்டுத்தொகையும்

கேரளத்தில் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கக் கொடுத்தால் ஜோத்ஸ்யர் மூன்றைச் சொல்லுவார்: நட்சத்திரப் பொருத்தம், பாபசாம்யம், தசாசந்தி. நட்சத்திரப் பொருத்தம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டாவது சரியில்லை என்றால் பல வீடுகளில் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

சொல்லின் பின்பாதி எளிது. சமம் என்பதன் பண்புப்பெயர் சாம்யம், சமமாக இருத்தல். முன்பாதியில்தான் வரலாறு இருக்கிறது. இங்கே பாபம் என்பது யாரும் செய்த தீவினை அல்ல, தீய பலன் தரும் கிரகத்துக்கு நூலோர் வைத்த பெயர். ஆறாம் நூற்றாண்டின் வராகமிகிரர் தம் பிருகத் ஜாதகத்தில் தேய்பிறைச் சந்திரன், சூரியன், செவ்வாய், சனி ஆகியோரையும் இவர்களோடு சேர்ந்த புதனையும் பாபர் என்கிறார். அந்தப் பட்டியலில் ராகுவும் கேதுவும் இல்லை. இன்று பாபசாம்யம் பார்ப்பவர்கள் பொதுவாக எண்ணுவது சூரியன், செவ்வாய், சனி, ராகு, கேது என்ற ஐவரை. சொல் அப்படியே இருக்க, அது சுட்டும் ஆட்கள் மாறிவிட்டார்கள்.

தமிழுக்கு வந்தபோது ஒரு சிக்கல். நம் வழக்கில் பாபம் பாவமாகிவிடும். ஜாதகத்தின் வீட்டுக்கும் பாவம் என்றுதான் பெயர். அதனால் நம் சோதிடர்கள் கிரகத்தைப் பாபர் என்றும் வீட்டைப் பாவகம் என்றும் பிரித்து எழுதுகிறார்கள். பேச்சில் இந்தக் கணக்குக்குத் தோஷ சாம்யம் என்ற பெயரே அதிகம் புழங்குகிறது.

கணக்கு இதுதான். லக்னத்திலிருந்து 1, 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் பாபர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. அதே இடங்களைச் சந்திரனிலிருந்து எண்ணினால் அரைப்புள்ளி, சுக்கிரனிலிருந்து எண்ணினால் கால்புள்ளி. பரவலான முறைகளில் இது ஒன்று. வேறு விகிதம் வைப்பவர்களும் உண்டு.

ஒரு பெண் ஜாதகம். மீன லக்னம், லக்னத்திலேயே சூரியன். கும்பத்தில் செவ்வாயும் சுக்கிரனும், மகரத்தில் சனி, தனுசில் சந்திரனோடு ராகு, மிதுனத்தில் கேது. லக்னத்துக்கு ஒன்றில் சூரியன், பன்னிரண்டில் செவ்வாய், நான்கில் கேது: மூன்று புள்ளி. சந்திரனுக்குச் செவ்வாய் தவிர மற்ற நால்வரும் மாட்டுகிறார்கள்: இரண்டு. சுக்கிரனுக்குச் சூரியன், செவ்வாய், சனி மூவர்: முக்கால். மொத்தம் 5.75. பையனுக்கு 5.25 என்று வைத்துக்கொள்வோம். பெண்ணுக்கு அரைப்புள்ளி கூடுதல், ஆகவே சேராது என்பார் ஒருவர்.

அடுத்த தெருவில் இன்னொருவர் ஆட்சி, உச்சத்தில் இருக்கும் பாபரைக் கணக்கில் சேர்க்காதவர். பெண்ணின் சனி மகரத்தில் ஆட்சி. சந்திரனிலிருந்து வந்த அரையும் சுக்கிரனிலிருந்து வந்த காலும் கழிகின்றன, மொத்தம் 5. பையனுக்கு அப்படிக் கழிக்க யாரும் இல்லை, அவன் 5.25-லேயே நிற்கிறான். இப்போது தாராளமாகச் செய்யலாம். பிறந்த நேரம் மாறவில்லை, கிரகம் நகரவில்லை. எண்ணிய விதம் மட்டும் மாறியது.

பெண்ணுக்குக் கூடினால் ஏன் ஆகாது? பையனுக்குப் பாபம் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கலாம், பெண்ணுக்குக் கூடக்கூடாது என்பதே நடைமுறை விதி. எண்ணும் இடங்களில் ஏழு களத்திர ஸ்தானம், எட்டு பெண்ணுக்கு மாங்கல்ய ஸ்தானம். எட்டில் பாபர் இருந்தால் வைதவ்யம் என்று பிருகத் ஜாதகத்தின் ஸ்திரீ ஜாதகப் பகுதியே சொல்கிறது. ஒருவர் ஜாதகத்தில் உள்ள பாபம் துணையின் ஆயுளைத் தாக்கும், எதிரே அதே அளவு பாபம் இருந்தால் தாங்கும் என்பது நம்பிக்கை. கைம்பெண் வாழ்க்கை கொடுமையாக இருந்த சமூகத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் அந்த எண்ணுக்கு அஞ்சியது எனக்குப் புரிகிறது. ஆனால் மனைவியை இழந்தவன் மறுமணம் செய்துகொண்டான். அவன் பக்கம் கூடுதலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை அங்கிருந்துதான் வந்தது என்பது என் கருத்து. சாம்யம் என்று பெயர் வைத்துவிட்டு ஒரு பக்கத்துக்கு மட்டும் உச்சவரம்பு போட்டிருக்கிறோம்.

இதில் இன்னொன்று எனக்கு வலிக்கிறது. கூட்டுத்தொகை ஒப்பிடுவதற்கு ஏற்பட்டது, தனியாக அதற்குப் பொருளில்லை. ஆனால் கல்யாணச் சந்தையில் 'சுத்த ஜாதகம்', 'பாப ஜாதகம்' என்று அது ஆளின் மேல் ஒட்டும் முத்திரையாகிவிட்டது. ஒரே எண் ஒரு வரனுக்கு ஒத்துப்போய் அடுத்த வரனுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதுதான் சாம்யம் என்ற சொல்லே சொல்வது.

ஜாதகம் பார்த்தே தீருவது என்றிருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்: பெண் வீட்டார் ஓரிடத்திலும் பையன் வீட்டார் வேறிடத்திலும் வாங்கிய தொகைகளை அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். இரண்டு ஜாதகத்தையும் ஒருவரிடமே கொடுத்து, எந்தெந்தப் பாபரை எண்ணினார், எந்த விகிதத்தில் எண்ணினார், யாரை விலக்கினார் என்று எழுதி வாங்குங்கள். அது கையில் இல்லாமல் எந்தப் பெண்ணையும் பாப ஜாதகக்காரி என்று சொல்லாதீர்கள்.