கர்ல் கண்ட வெற்றுப் பக்கம்: ‘#!’ முகவரிகளின் குறுகிய வரலாறு

ஓர் இணையப் பக்கத்தை உலாவியில் திறந்தால் கட்டுரையும் பட்டியலும் கண்முன் விரிகின்றன. அதே முகவரியைக் கர்ல் வழியாகப் பெற்றால் சில வரிகள் மட்டுமே கொண்ட வெற்றுக் கூடு கிடைக்கிறது. இணையத் தரவுகளைத் திரட்டும் ஆய்வாளர்கள் பலர் இதனைக் கருவியின் குறை என்றோ தளம் விதித்த தடை என்றோ கருதிவிடுகின்றனர். உண்மையில் கர்ல் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது; வழங்கி அனுப்பியதே அந்தக் கூடுதான். வழங்கியில் முழுமையாக உருவாகி வந்த பக்கம், வாசகரின் உலாவியில் உருவாகத் தொடங்கிய மாற்றத்தை 2010 முதல் 2012 வரையிலான ட்விட்டர் முகவரிகளைக் கொண்டு தெளிவாக அறியலாம்.

சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பர்க் 1998 மார்ச்சில் கர்ல் என்ற பெயரில் தம் நிரலை வெளியிட்டார். ஒரு முகவரியைக் கேட்டு, வழங்கி தரும் விடையை அப்படியே ஒப்படைப்பது அதன் பணி. அக்காலத்தில் அதுவே போதுமானதாக இருந்தது. 1995இல் தோன்றிய ஜாவாஸ்கிரிப்ட் அப்போது படிவங்களைச் சரிபார்ப்பது போன்ற சிறு வேலைகளையே பெரும்பாலும் செய்துவந்தது. பக்கத்தின் உரை வழங்கியிலிருந்தே முழுமையாக வந்தது. பக்கத்தை மீண்டும் ஏற்றாமலே வழங்கியிடம் தரவு கேட்கும் வசதியை மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவி 1999இல் கொண்டுவந்தது. 2004இல் ஜிமெயிலும் 2005இல் கூகுள் மேப்ஸும் அவ்வசதியின் ஆற்றலைப் பரவலாக உணர்த்தின.

இம்முறையில் ஒரு சிக்கல் எழுந்தது. பக்கம் மீண்டும் ஏற்றப்படாதபோது முகவரியும் மாறுவதில்லை. ஆகவே வாசகர் தாம் கண்ட பகுதியைப் பிறருக்குச் சுட்டிக்காட்ட இயலவில்லை. முகவரியில் ‘#’ குறிக்குப் பின்வரும் பகுதியை மட்டும் அப்போது பக்கத்தை ஏற்றாமலே மாற்ற முடிந்தது என்பதால், உருவாக்குநர்கள் அதனைப் பயன்படுத்தினர். ஆனால் அப்பகுதி உலாவிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வழங்கிக்கு ஒருபோதும் அனுப்பப்படுவதில்லை. தேடுபொறிகள் இத்தகைய பக்கங்களைப் படிக்க இயலாது தவித்தன.

2009இல் கூகுள் ஒரு வழியை முன்மொழிந்தது. முகவரியில் `#!` என்ற குறி இருந்தால், தேடுபொறி அதனை `?_escaped_fragment_=` என்று மாற்றிக் கேட்கும். தளம் முழுமையான எச்டிஎம்எல் உரையைத் தர வேண்டும். அவ்வுரையை உருவாக்குவதற்கு, வழங்கியிலேயே திரையில்லாத ஓர் உலாவியை இயக்கி, ஜாவாஸ்கிரிப்ட் ஓடி முடிந்தபின் எஞ்சும் பக்கத்தை எடுத்துத் தரலாம் என்று கூறப்பட்டது. இன்று ஆய்வாளர் தம் கணினியில் செய்யும் வேலையை அன்று தளத்தின் உரிமையாளரே செய்து தர வேண்டும் என்பதே அதன் சாரம்.

2010 செப்டம்பரில் ட்விட்டர் தன் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தியபோது இக்குறியை ஏற்றுக்கொண்டது. அவ்வடிவில் அமைந்த ஒரு முகவரியைக் கர்லிடம் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை இக்கட்டளையால் அறியலாம்:

```
curl -sv 'http://twitter.com/#!/peyar/status/123'
```

திரையில் தோன்றும் விவரங்களில் கர்ல் அனுப்பிய கோரிக்கை `GET / HTTP/1.1` என்றே இருக்கும். பயனர் பெயரும் பதிவின் எண்ணும் அதில் இல்லை. எந்தப் பதிவைக் கேட்டாலும் வழங்கிக்குச் சென்றது முகப்புப் பக்கக் கோரிக்கை மட்டுமே. எனவே, கோரிக்கையை மட்டும் அனுப்பிப் பக்கங்களைச் சேகரித்த காப்பகத்தில் ஆயிரம் பதிவுகளின் முகவரிகளும் ஒரே கூட்டில் வந்து முடிந்திருக்கும்.

இதன் ஆபத்து விரைவில் வெளிப்பட்டது. 2011 பிப்ரவரியில் காக்கர் நிறுவனத்தின் செய்தித்தளங்கள் இவ்வடிவுக்கு மாறின. உடனேயே ஜாவாஸ்கிரிப்ட் கோளாறொன்றால் அத்தளங்கள் அனைத்தும் வெற்றுப் பக்கங்களாகக் காட்சியளித்தன. செய்தி வழங்கியில் இருந்தது; அதனைப் பக்கமாக்கும் நிரல்தான் ஓடவில்லை. 2012 மே மாதத்தில் ட்விட்டர், பக்கங்களை மீண்டும் வழங்கியிலேயே உருவாக்கத் தொடங்கியதை அறிவித்தது. முதல் ஏற்ற நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததாகவும் தெரிவித்தது. ஆயினும் இடைக்காலத்தில் நூல்களிலும் கட்டுரைகளிலும் மேற்கோளாக இடம்பெற்ற `#!` முகவரிகளை வழங்கியால் திருப்பிவிட இயலாது. அக்குறிக்குப் பின்னுள்ளதை அது காண்பதே இல்லை. முகப்புப் பக்கத்தில் அதற்கென ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வரி நிலைத்திருக்கும் வரையே அம்மேற்கோள்கள் உயிர்வாழும்.

வெற்றுக் கூட்டை நிரப்பும் கருவியும் இதே காலத்தில் வந்தது. அரியா ஹிடாயத் 2011 ஜனவரியில் வெளியிட்ட ஃபாண்டம்ஜேஎஸ், வெப்கிட் என்னும் உலாவிப் பொறியைத் திரையின்றி இயக்கியது. 2017இல் குரோம் தன் 59ஆம் பதிப்பிலேயே இவ்வசதியைத் தந்தது. அச்செய்தி வெளியானதும் ஃபாண்டம்ஜேஎஸ்ஸைப் பராமரித்துவந்தவர் விலகினார். 2018இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. கூகுளும் தன் `#!` திட்டத்தை 2015இலேயே கைவிட்டிருந்தது; தேடுபொறியே ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கக் கற்றுக்கொண்டதே அதற்குக் காரணம்.

இன்று ஒரு பக்கம் வெறுமையாக வந்தால் முதலில் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். விடையின் எண் 403 என்றிருந்தால் வழங்கி மறுத்திருக்கிறது. அது வேறு சிக்கல். எண் 200 ஆக இருந்து, உலாவியில் தெரியும் ஒரு சொற்றொடர் கர்ல் தந்த கோப்பில் இல்லாமல், `<div id="root"></div>` போன்ற காலிப் பெட்டியும் சில `<script>` வரிகளுமே இருந்தால் பக்கம் உலாவியில் உருவாகிறது எனலாம். அப்போது திரையில்லா உலாவி உதவும்:

```
chromium --headless --virtual-time-budget=10000 \
  --dump-dom 'https://example.org/' > page.html
```

`--dump-dom` என்பது நிரல்கள் ஓடியபின் உள்ள பக்கத்தை எழுதித் தருகிறது. ஆனால் தரவு வந்து சேர்வதற்கு முன்பே அது எழுதிவிடக்கூடும். அதனால்தான் 10,000 மில்லி விநாடி என்னும் கால அளவு கொடுக்கப்பட்டுள்ளது. கோப்பில் ‘ஏற்றப்படுகிறது’ என்ற பொருளுள்ள சொல் மட்டும் எஞ்சியிருந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். 200 வரிகள் இருக்க வேண்டிய பட்டியலில் 20 மட்டும் இருந்தால், கீழே உருட்டும்போதே எஞ்சியவை வருகின்றன எனக் கொள்ளலாம். அதற்கு உலாவியை நிரலால் உருட்டச் செய்யும் பப்பட்டியர், பிளேரைட் போன்ற கருவிகள் தேவைப்படும்.

இவ்வாறு பெற்ற கோப்பு வழங்கி அனுப்பிய ஆவணம் ஆகாது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட உலாவிப் பதிப்பில், ஒரு நிரல் ஓடி முடிந்ததன் விளைவு அது. மறுநாள் அதே முகவரி வேறொன்றைத் தரலாம். ஆகவே சான்றாகக் காட்டப்போகும் பக்கத்திற்குக் கர்ல் தந்த கூட்டையும் உலாவி தந்த கோப்பையும் சேர்த்தே சேமித்து, நாளையும் பதிப்பு எண்ணையும் குறித்துவைப்பது முறை. எது அனுப்பப்பட்டது, எது பின்னர் உருவானது என்பதை அடுத்து வரும் ஆய்வாளர் அப்போதுதான் பிரித்துப் பார்க்க இயலும்.